தாமத டெலிவரிக்கான எல்.டி. நிபந்தனை: சப்ளையர் நியாயமான வரம்பைப் பேசிப் பெறுவது எப்படி

பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் நிபந்தனைகளில், சப்ளையரின் லாபத்தை நேரடியாகத் தொடுவது தாமத டெலிவரிக்கான இழப்பீட்டு நிபந்தனையாகும். லிக்விடேட்டட் டேமேஜஸ் என்பதைச் சுருக்கி, தொழில் வட்டாரத்தில் இதை எல்.டி. என்றே அழைக்கிறார்கள். சரக்கு குறித்த தேதிக்குள் வந்து சேரவில்லை என்றால், ஒவ்வொரு வாரத் தாமதத்திற்கும் இத்தனை சதவீதம் என்று முன்கூட்டியே நிர்ணயித்து, அந்தத் தொகையை வாங்குபவர் பில்லிலிருந்து பிடித்துக்கொள்ள இது அனுமதிக்கிறது. இந்த நிபந்தனையைப் பற்றிப் பேச உட்காரும் பெரும்பாலான சப்ளையர்கள் வாரத்திற்கு ஒரு சதவீதமா, அரை சதவீதமா என்பதிலேயே முழு நேரத்தையும் செலவிடுகிறார்கள். அந்தச் சதவீதம் எந்தத் தொகையின் மீது கணக்கிடப்படுகிறது, நாள்கள் எப்போது ஓடத் தொடங்கி எப்போது நிற்கின்றன, இந்தத் தொகையைக் கொடுத்த பிறகும் வேறு என்ன கேட்கப்படலாம் என்ற மூன்று கேள்விகளும் சதவீதத்திற்குக் குறையாத பணத்தைத் தீர்மானிக்கின்றன. அவற்றில் முதல் இரண்டையும் முதலில் எடுத்துக்கொண்டு, சதவீதத்தை அதன் பிறகும், மூன்றாவது கேள்வியை அதற்கு அடுத்தும் பேசும் வரிசையில் இந்த வழிகாட்டி செல்கிறது. இங்கே சொல்லப்படுபவை இந்தியச் சட்டத்திற்கு உட்பட்ட சரக்கு ஒப்பந்தங்களுக்கானவை.

விளக்கத்திற்காக ஒரு கற்பனை ஆர்டரைக் கடைசி வரை பின்தொடர்வோம். கோயம்புத்தூரில் உள்ள ஒரு சிறு நிறுவனம், குடிநீர்த் திட்டப் பணி ஒன்றை எடுத்திருக்கும் ஒப்பந்ததாரருக்கு 200 பம்ப் செட்டுகளைச் செய்து தர வேண்டும். ஒன்றின் விலை ஜி.எஸ்.டி. இல்லாமல் ரூ. 30,000, மொத்தம் ரூ. 60 லட்சம். ஐம்பது ஐம்பதாக நான்கு தவணைகளில் அனுப்ப வேண்டும். ஒரு தவணையின் மதிப்பு ரூ. 15 லட்சம். வாங்குபவர் அனுப்பிய வரைவில், "தாமதமாகும் ஒவ்வொரு வாரத்திற்கும் அல்லது வாரத்தின் பகுதிக்கும், ஆர்டரின் மொத்த மதிப்பில் ஒரு சதவீதம்" என்று எழுதப்பட்டிருக்கிறது. உச்சவரம்பு எதுவும் சொல்லப்படவில்லை.

முதல் படி: சட்டம் எதுவரை காப்பாற்றும் என்று தெரிந்துகொள்வது

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் ஒரு தொகை குறிப்பிடப்பட்டிருந்தால், ஒப்பந்தம் மீறப்பட்டதால் பாதிக்கப்பட்டவர் அந்தத் தொகைக்கு மிகாத நியாயமான இழப்பீட்டைப் பெறலாம் என்கிறது. அதாவது எழுதப்பட்ட தொகை ஓர் உச்சவரம்புதான். அது முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது. ஃபதே சந்த் வழக்கில் 1963இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. அதே பிரிவில், நஷ்டம் மெய்ப்பிக்கப்பட்டாலும் மெய்ப்பிக்கப்படாவிட்டாலும் இழப்பீடு உண்டு என்ற சொற்களும் இருக்கின்றன. வழக்குகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

சப்ளையர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டியது 2003ஆம் ஆண்டின் ஓ.என்.ஜி.சி. – சா பைப்ஸ் தீர்ப்பு. எண்ணெய்க் கிணற்றுப் பணிக்கான குழாய்களைத் தர ஒப்புக்கொண்ட நிறுவனத்துக்கு, ஐரோப்பாவில் எஃகு ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தால் மூலப்பொருள் வந்து சேரத் தாமதமானது. எல்.டி. பிடிக்கும் உரிமையைக் குறிப்பிட்டே வாங்கியவர் கால நீட்டிப்புத் தந்தார். பின்னர் பில்லில் பிடித்தார். நஷ்டம் நிரூபிக்கப்படவில்லை என்று நடுவர் மன்றம் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அந்த ஒப்பந்தத்தில் வாரத்திற்கு 1 சதவீதம், உச்சவரம்பு 10 சதவீதம் என்று இருந்ததோடு, இது நஷ்டத்தின் உண்மையான முன்மதிப்பீடு என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட வாசகமும் இருந்தது. 2015இல் கைலாஷ் நாத் வழக்கில் நீதிமன்றம் சற்று வேறு இடத்தில் அழுத்தம் தந்தது: நஷ்டத்தை நிரூபிக்க முடிகின்ற இடத்தில் நிரூபித்தாக வேண்டும், நிரூபிப்பது கடினம் அல்லது இயலாது என்ற நிலையில்தான், உண்மையான முன்மதிப்பீடாக இருக்கும்பட்சத்தில், எழுதிய தொகையை அப்படியே தரலாம்.

ஆகவே வாங்குபவருக்கு நஷ்டமே ஏற்படவில்லை என்ற வாதம் சப்ளையருக்கு உண்டு. ஆனால் அந்த வாதத்தைச் சொல்ல வேண்டிய இடம் நடுவர் மன்றமோ நீதிமன்றமோதான். பணம் அதற்கு முன்பே பில்லில் பிடிக்கப்பட்டு வாங்குபவரின் கையில் இருக்கும். மூன்று லட்ச ரூபாயை மீட்க ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தும் நிலையில் எந்தச் சிறு நிறுவனமும் இல்லை. சட்டப் பாதுகாப்பைக் கடைசிக் கட்டத்திற்கு வைத்துக்கொண்டு, கையெழுத்துக்கு முன்பே வாசகத்தைத் திருத்துவதுதான் சப்ளையர் செய்யக்கூடியது.

இரண்டாம் படி: வரைவு என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது

பேச்சுவார்த்தைக்குப் போகும் முன், நடக்கக்கூடிய ஒரு தாமதத்தை எடுத்துக்கொண்டு ரூபாய்க் கணக்குப் போட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் முதல் மூன்று தவணைகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நான்காவது மட்டும் 37 நாள் தாமதம் என்று வைத்துக்கொள்வோம். 37 நாள் என்பது ஐந்து வாரமும் இரண்டு நாளும். "வாரத்தின் பகுதிக்கும்" என்று எழுதியிருப்பதால் அது ஆறு வாரமாகிறது. ரூ. 60 லட்சத்தில் ஆறு சதவீதம் ரூ. 3,60,000. "மொத்த மதிப்பு" என்பதில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் அடங்கும் என்று வாங்குபவரின் கணக்குப் பிரிவு பொருள்கொண்டால், தொகை ரூ. 4,24,800 ஆகிவிடும். இந்த ஆர்டரில் லாபம் எட்டு சதவீதம், அதாவது ரூ. 4,80,000 என்றால், நான்கில் ஒரு பங்கு சரக்கு தாமதமானதற்கு முழு ஆர்டரின் லாபத்தில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ போய்விடுகிறது.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மேசைக்குக் கொண்டுபோவது நல்லது. கொள்முதல் அதிகாரிகளில் பலர் இந்த வாசகத்தைப் பழைய ஆர்டரிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருப்பார்கள்; அதன் விளைவை அவர்களே கணக்கிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். "இது மிகக் கடுமை" என்று பொதுவாகச் சொல்வதற்குக் கிடைக்காத கவனம், நேரத்துக்கு வந்து சேர்ந்த 150 பம்புகளுக்கும் சேர்த்துத் தாமத இழப்பீடு பிடிக்கப்படுகிறது என்பதை எண்களோடு காட்டினால் கிடைக்கும்.

மூன்றாம் படி: அடிப்படைத் தொகையைச் சுருக்குவது

முதலில் கேட்க வேண்டியது, சதவீதம் தாமதமான சரக்கின் மதிப்பின் மீது மட்டும் கணக்கிடப்பட வேண்டும் என்பது. மத்திய நிதியமைச்சகத்தின் சரக்குக் கொள்முதல் கையேடும் தாமதமான சரக்கின் விலையையே அடிப்படையாகக் கொள்கிறது என்பதால், இது வழக்கத்துக்கு மாறான கோரிக்கை அல்ல என்று காட்டலாம். அந்த மதிப்பு ஜி.எஸ்.டி., லாரி வாடகை, காப்பீடு ஆகியவை நீங்கலான அடிப்படை விலை என்பதையும் அதே வரியில் எழுதிவிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் இந்த ஒரு திருத்தமே ரூ. 3,60,000ஐ ரூ. 90,000ஆகக் குறைக்கிறது.

இதற்கு வாங்குபவரிடமிருந்து வரக்கூடிய நியாயமான எதிர்வாதம் ஒன்று உண்டு. சில சரக்குகளில் ஒரு பகுதி வராவிட்டால் மற்றவையும் பயன்படாது. மோட்டார் வந்து ஸ்டார்ட்டர் பேனல் வராவிட்டால் மோட்டார் கிடங்கில் கிடக்கும். அதை மறுத்து வாதிடுவதைவிட, எந்தெந்தப் பொருள்கள் சேர்ந்து ஒரு செட் என்று ஒப்பந்தத்திலேயே பட்டியலிட்டு, தாமதமான பொருள் எந்தச் செட்டைச் சேர்ந்ததோ அந்தச் செட்டின் மதிப்பை மட்டும் அடிப்படையாகக் கொள்ளலாம் என்று சொல்வது நல்லது. இருபது கிராமங்களுக்குப் போகும் பம்புகளில் ஒரு கிராமத்தின் பம்ப் வராததால் மற்ற பத்தொன்பது கிராமங்களின் பம்புகள் பயனற்றுப் போவதில்லை.

நான்காம் படி: நாள் கணக்கைச் சரிசெய்வது

அடிப்படைத் தொகைக்கு அடுத்தபடியாகப் பணம் அதிகம் கசிவது இங்கேதான். தேதி எங்கிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். "ஆர்டர் தேதியிலிருந்து 10 வாரங்கள்" என்று எழுதப்பட்டிருந்தால், வரைபடத்துக்கு ஒப்புதல் தர வாங்குபவர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டாலும் சப்ளையரின் நாள்கள் குறைந்துகொண்டே போகும். ஆர்டர் தேதி, வரைபட ஒப்புதல் கைக்கு வந்த தேதி, முன்பணம் வங்கியில் வரவான தேதி ஆகிய மூன்றில் எது கடைசியோ அதிலிருந்து காலம் தொடங்கும் என்று மாற்றக் கேட்க வேண்டும். இதற்கு எந்த வாங்குபவரும் மறுப்புச் சொல்வது கடினம். மூன்றில் இரண்டு அவருடைய கையிலேயே இருக்கின்றன.

அடுத்தது, டெலிவரி என்பது எந்தக் கணத்தில் நிறைவேறுகிறது என்பது. லாரி ரசீது போட்ட தேதியா, தளத்தில் சரக்கு இறங்கிய தேதியா, அங்கே சரக்கேற்புச் சீட்டு எழுதப்பட்ட தேதியா என்று சொல்லாமல் விட்டால், கணக்குப் பிரிவு கடைசியானதையே எடுத்துக்கொள்ளும். தளத்தில் இடமில்லை என்று லாரி நான்கு நாள் வெளியே நிற்பதும், சரக்கு இறங்கியும் சீட்டு எழுத ஆள் இல்லாமல் ஒரு வாரம் போவதும் கட்டுமானத் தளங்களில் அடிக்கடி நடப்பவை. தொழிற்சாலையிலிருந்து அனுப்பிய தேதியைப் பெற முடியாவிட்டால், லாரி தளத்தின் வாயிலை அடைந்த தேதி என்றாவது எழுதி வாங்க வேண்டும்.

இன்ஸ்பெக்ஷன் உள்ள ஆர்டர்களில் இன்னொரு இடைவெளி இருக்கிறது. சரக்கு தயார் என்று சப்ளையர் எழுத்தில் அழைத்த பிறகு ஆய்வாளர் வந்து சேரும் வரையிலான நாள்கள் யாருடைய கணக்கு என்பதை ஒப்பந்தம் சொல்ல வேண்டும். அழைப்பு கிடைத்து ஏழு நாளுக்குள் ஆய்வு நடக்காவிட்டால், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளும் டெலிவரி தேதியோடு சேர்க்கப்படும் என்பது நடைமுறையில் ஏற்றுக்கொள்ளப்படும் வாசகம். ஒரு நேர்மையான வரம்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: ஆய்வில் சரக்கு தேறவில்லை என்றால் இந்தச் சலுகை பொருந்தாது. தயாராகாத சரக்குக்கு அழைப்பு அனுப்பி நாள் சம்பாதிக்கும் பழக்கம் சிலரிடம் இருப்பதால் வாங்குபவர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை நாமே தீர்த்துவைத்தால் வாசகம் சுலபமாகக் கிடைக்கும்.

நம் கணக்குக்குத் திரும்புவோம். நான்காவது தவணையின் 37 நாளில், ஏழு நாள் போக மேலும் 12 நாள் ஆய்வாளர் வராததால் ஏற்பட்டவை என்றால், சப்ளையரின் தாமதம் 25 நாள்தான். அது மூன்று வாரமும் நான்கு நாளும். "அல்லது வாரத்தின் பகுதிக்கும்" என்ற சொற்களை நீக்கி "நிறைவடைந்த ஒவ்வொரு வாரத்திற்கும்" என்று மாற்றியிருந்தால் மூன்று வாரம் மட்டுமே எண்ணப்படும், ரூ. 90,000 என்பது ரூ. 45,000 ஆகும். சலுகைக் காலமாக ஒரு வாரம் கேட்பதும் வழக்கம். அப்படிக் கேட்கும்போது, சலுகைக் காலம் கடந்தால் அதற்குப் பிந்தைய நாள்களுக்கு மட்டும் கணக்கிடப்படும் என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் எட்டாவது நாளில் முதல் நாளிலிருந்தே கணக்கு தொடங்கிவிடும்.

தவிர்க்க முடியாத நிகழ்வுகளுக்கான நிபந்தனையையும் இதோடு சேர்த்தே படிக்க வேண்டும். சா பைப்ஸ் வழக்கில் மூலப்பொருள் தருபவரின் ஆலையில் நடந்த வேலைநிறுத்தம் அந்த நிபந்தனைக்குள் வராது என்றே நடுவர் மன்றம் கருதியது. பொதுவாக "வேலைநிறுத்தம்" என்று எழுதினால் சப்ளையரின் சொந்த ஆலை மட்டும் என்று பொருள்கொள்ள இடமிருக்கிறது. வாங்குபவரே குறிப்பிட்ட பிராண்ட் மோட்டாரைத்தான் பொருத்த வேண்டும் என்று சொல்லியிருந்தால், அந்த மோட்டார் நிறுவனத்தின் தாமதத்தைப் பெயர் சொல்லியே விலக்குப் பட்டியலில் சேர்க்கக் கேட்பது முற்றிலும் நியாயம்.

ஐந்தாம் படி: சதவீதமும் உச்சவரம்பும்

இப்போதுதான் சதவீதத்துக்கு வர வேண்டும். அரசு மின்சந்தையான ஜெம் தளத்தின் பொது நிபந்தனைகளில், தாமதமான சரக்கின் மதிப்பில் வாரத்திற்கு 0.5 சதவீதம், உச்சவரம்பு 10 சதவீதம் என்ற அளவே இருக்கிறது. மத்திய நிதியமைச்சகத்தின் கொள்முதல் கையேடும் இதே அளவைத்தான் சொல்கிறது. அரசே தன் கொள்முதலுக்குப் போதும் என்று கருதும் விகிதத்தைவிட இரு மடங்கு கேட்பதற்கு என்ன தனிக் காரணம் என்று தனியார் வாங்குபவரிடம் கேட்கலாம். உச்சவரம்பைத் தாமதமான சரக்கின் மதிப்பில் 5 சதவீதம் என்று கேட்டுத் தொடங்கி, தேவைப்பட்டால் 7.5 வரை இறங்கி வரலாம். லாபம் எட்டு சதவீதமாக உள்ள தொழிலில் 10 சதவீத வரம்பு என்பது அந்தத் தவணையை நஷ்டத்துக்கு விற்பதாகும்; லாபத்துக்குள் அடங்கும் வரம்பே சப்ளையர் உண்மையில் தாங்கக்கூடியது.

வாங்குபவர் ஒப்பந்ததாரராக இருந்தால், "எனக்கு மேலே உள்ளவர் என்னிடம் பிடிக்கிறார், நான் உங்களிடம் பிடிக்கிறேன்" என்ற வாதம் நிச்சயம் வரும். இதை மூன்று கேள்விகளால் சந்திக்கலாம். மேல் ஒப்பந்தத்தில் இந்தப் பம்புகளின் பங்கு என்ன? பம்ப் வந்து சேரும்போது அதைப் பொருத்துவதற்கான கட்டடமும் மின் இணைப்பும் தயாராக இருக்குமா? நம் தாமதம் மட்டுமே அவருடைய தாமதத்துக்குக் காரணமாகுமா? பல கோடி ரூபாய்த் திட்டத்தின் இழப்பீட்டை அறுபது லட்ச ரூபாய் சப்ளையர் மீது இறக்க முடியாது என்பதை எந்தத் திட்ட மேலாளரும் அறிவார். அவர் விடாப்பிடியாக இருந்தால் ஒரு நடுவழி உண்டு: மேல் ஒப்பந்தத்தில் உண்மையாகவே எல்.டி. பிடிக்கப்பட்டு, அதற்கு நம் சரக்கே காரணமாக இருந்தால் மட்டும், அதுவும் நமக்கான உச்சவரம்புக்குள், பிடித்துக்கொள்ளலாம் என்று எழுதலாம்.

"இது நஷ்டத்தின் உண்மையான முன்மதிப்பீடு என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன" என்ற வரி பெரும்பாலான வரைவுகளில் இருக்கும்; சப்ளையர்கள் அதை வெறும் சம்பிரதாயமாகக் கருதிக் கடந்துவிடுகிறார்கள். அந்த வரிதான் நஷ்டமே ஏற்படவில்லை என்ற பிற்கால வாதத்தைப் பலவீனப்படுத்துகிறது. விகிதமும் வரம்பும் நியாயமாகக் குறையாத வரை அதை ஏற்காமல் வைத்திருந்து, குறைந்ததும் அதற்கு ஈடாக விட்டுக்கொடுக்கலாம்.

எடுத்துக்காட்டில் 0.5 சதவீதம் கிடைத்துவிட்டால் தொகை ரூ. 22,500. ரூ. 3,60,000இலிருந்து இந்த அளவுக்கு வந்ததில், அடிப்படைத் தொகை கணக்கை நான்கில் ஒன்றாக்கியது. நாள் கணக்கு பாதியாக்கியது. சதவீதமும் பாதியாகவே குறைத்தது. பேச நேரம் குறைவாக இருந்தால் எதற்கு முதலிடம் தர வேண்டும் என்பது இதிலிருந்தே தெரியும்.

ஆறாம் படி: வரம்புக்கு வெளியே உள்ள வாசல்களை மூடுவது

5 சதவீத வரம்பைப் பெற்றுவிட்டு, வேறொரு பக்கத்தில் "வாங்குபவரின் பிற உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்ற சொற்களை விட்டுவைத்தால் அந்த வரம்பு காகிதத்தில்தான் இருக்கும். அந்தச் சொற்களைக் காட்டி, வேலை நின்றதால் ஏற்பட்ட நஷ்டத்தையும் ஆட்கூலியையும் ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவின் கீழ் வாங்குபவர் தனியாகக் கேட்க முயலலாம். பம்பை வெளியில் அதிக விலைக்கு வாங்கிவிட்டு வித்தியாசத்தைக் கேட்கலாம். ஆகவே தாமதம் ஒன்றுக்கே உரிய ஒரே பரிகாரம் எல்.டி. என்று எழுதி வாங்குவது அவசியம். வாங்குபவருக்கும் ஒரு வழி வேண்டும். உச்சவரம்பு எட்டிய பிறகும் சரக்கு வரவில்லை என்றால், அனுப்பப்படாத பகுதியை மட்டும் ரத்து செய்யும் உரிமையை அவருக்குத் தரலாம். ரத்து செய்து வெளியில் வாங்கினால் விலை வித்தியாசத்துக்கும் ஒரு வரம்பு வேண்டும்.

பிடித்தம் செய்யும் முறையும் முக்கியம். கணக்கோடு ஏழு நாள் முன்னறிவிப்பு தந்த பிறகே பிடிக்க வேண்டும், அந்தத் தவணையின் பில்லிலிருந்தே பிடிக்க வேண்டும், வேறு ஆர்டர்களின் பாக்கியிலிருந்தோ பேங்க் கியாரண்டியிலிருந்தோ எடுக்கக் கூடாது என்ற மூன்றையும் கேட்க வேண்டும். இவற்றைச் சேர்த்த வாசகத்தின் சாரம் இப்படி அமையலாம்:

"சப்ளையரே காரணமான தாமதத்திற்கு, தாமதமான சரக்கின் அடிப்படை விலையில், நிறைவடைந்த ஒவ்வொரு வாரத்திற்கும் 0.5 சதவீதம், அந்தச் சரக்கின் அடிப்படை விலையில் 5 சதவீதத்திற்கு மிகாமல், இழப்பீடாகக் கொடுக்கப்படும். வாங்குபவரின் ஒப்புதல், முன்பணம், ஆய்வு ஆகியவற்றில் ஏற்படும் தாமத நாள்கள் டெலிவரி தேதியோடு சேர்க்கப்படும். தாமதத்திற்கு இதுவே வாங்குபவரின் ஒரே பரிகாரம். உச்சவரம்பு எட்டிய பின் அனுப்பப்படாத சரக்கை மட்டும் அவர் ரத்து செய்யலாம்."

ஏழாம் படி: வாசகத்தை மாற்றவே முடியாதபோது

டெண்டரில் நிபந்தனைகள் அச்சில் வந்துவிடும். விலகல் பட்டியல் எழுதினால் டெண்டரே நிராகரிக்கப்படலாம். இங்கே கேட்கும் இடம் பிரீ-பிட் கூட்டமும் அதற்கு முந்தைய எழுத்துக் கேள்விகளும்தான். மாற்றம் கேட்பதைவிட விளக்கம் கேட்பது அதிகம் பலிக்கும்: "ஆய்வில் ஏற்படும் தாமத நாள்கள் டெலிவரி தேதியோடு சேர்க்கப்படும் என்று புரிந்துகொள்கிறோம், உறுதிப்படுத்தவும்" என்று எழுதி, அதற்குக் கிடைக்கும் பதில் டெண்டர் திருத்தமாக வெளியிடப்பட்டால், அது ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும்.

அதுவும் கிடைக்காவிட்டால் அபாயத்தை விலையில் வைக்க வேண்டும். கடந்த சில ஆண்டுகளின் டெலிவரிப் பதிவேட்டைப் பார்த்து, மூன்றில் ஒரு ஆர்டரில் சுமார் மூன்று லட்சம் பிடிக்கப்படக்கூடும் என்று தெரிந்தால், ஒரு ஆர்டருக்கு ஒரு லட்சம், அதாவது பம்ப் ஒன்றுக்கு ரூ. 500 சேர்த்து விலை சொல்வது கணக்கறிந்த செயல். அதைவிடச் சிறந்தது, டெலிவரி காலத்தை நேர்மையாகச் சொல்வது. வார்ப்பு ஆலை மூன்று வாரமும் அதன் பிறகு மோட்டார் ஆறு வாரமும் எடுக்கும் என்று தெரிந்தும், ஆர்டர் கைவிட்டுப் போகக் கூடாது என்று எட்டு வாரம் ஒப்புக்கொள்பவருக்கு எந்த எல்.டி. வாசகமும் உதவாது.

எட்டாம் படி: ஆர்டர் ஓடும்போது எழுத வேண்டிய கடிதங்கள்

நல்ல வாசகம் கிடைத்திருந்தாலும், தாமத நாள்களை எழுத்தில் பதிவு செய்யாதவருக்கு அது பயன்படாது. வரைபடம் அனுப்பிய நாள், ஒப்புதல் வந்த நாள், ஆய்வுக்கு அழைத்த நாள், ஆய்வாளர் வந்த நாள் ஒவ்வொன்றுக்கும் மின்னஞ்சல் இருக்க வேண்டும். தொலைபேசியில் பேசியதை அன்றே ஒரு வரியில் எழுதி அனுப்ப வேண்டும்.

தாமதமாகும் என்று தெரிந்தவுடன், டெலிவரி தேதி முடிவதற்கு முன்பே கால நீட்டிப்பைக் காரணத்தோடு கேட்க வேண்டும். பதில் கடிதம் வந்ததும் அதில் எல்.டி. உண்டா இல்லையா என்ற சொற்களைத் தேட வேண்டும். "எல்.டி. பிடிக்கும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டு" என்று இருந்தால், தாமதத்துக்கு வாங்குபவரே காரணமான நாள்களைச் சுட்டி, அந்த நாள்களுக்கு உரிமை இல்லை என்று உடனே பதில் எழுத வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆவது பிரிவு இங்கே கவனிக்கத்தக்கது: காலம் முக்கியமான ஒப்பந்தத்தில், குறித்த நேரத்தில் சரக்கு வராததால் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை பெற்ற வாங்குபவர், வேறொரு நேரத்தில் அதை ஏற்றுக்கொண்டால், இழப்பீடு கேட்கும் எண்ணத்தை ஏற்கும்போதே அறிவித்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அந்தத் தாமதத்துக்காகப் பிறகு கேட்க முடியாது. எந்த அறிவிப்பும் இல்லாமல் சரக்கை இறக்கிக்கொண்டு, ஆறு மாதம் கழித்துப் பில்லில் பிடித்தால், இந்தப் பிரிவைச் சுட்டி எதிர்ப்புக் கடிதம் எழுதலாம். அனுபவமுள்ள வாங்குபவர்கள் அந்தச் சொற்களை எல்லா நீட்டிப்புக் கடிதங்களிலும் சேர்ப்பதற்குக் காரணம் இதுதான்.

பிடித்தம் நடந்த பிறகு பார்க்க வேண்டிய இரண்டு கணக்குகள் உண்டு. பிடித்த எல்.டி. தொகையோடு 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்துப் பிடித்திருந்தால், மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்ட் 3 அன்று வெளியிட்ட 178ஆம் எண் சுற்றறிக்கையைக் காட்ட வேண்டும்; ஒப்பந்த மீறலுக்கான இழப்பீடாக மட்டும் கைமாறும் தொகை ஒரு சேவைக்கான கட்டணம் ஆகாது, அதற்கு வரி இல்லை என்று அது விளக்குகிறது. இரண்டாவது, உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனமாக இருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்புக்கொண்ட தவணைக் காலம் எதுவானாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் வர வேண்டும்; தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டுவட்டி உண்டு. தவறாகப் பிடிக்கப்பட்ட எல்.டி.யை நிலுவைத் தொகையாகக் கொண்டு, அதே சட்டத்தின் கீழ் அமைந்த வசதியாக்கல் மன்றத்தில் மனு செய்ய வழி இருக்கிறது.

இறுதி பில் பணத்தைத் தரும்போது "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற சான்றில் கையெழுத்துக் கேட்பார்கள். பிடித்தத்தில் தகராறு இருந்தால், "பிடிக்கப்பட்ட எல்.டி. தொகை நீங்கலாக" என்று கையால் எழுதிக் கையெழுத்திட வேண்டும், அதை ஏற்க மறுத்தால், வற்புறுத்தலின் பேரில் கையெழுத்திட்டதாக அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடர அல்லது நடுவர் மன்றத்தை நாடப் பொதுவாக மூன்று ஆண்டுகளே காலவரம்பு. நினைவூட்டல் கடிதங்களை எழுதிக்கொண்டிருப்பதால் அது நீள்வதில்லை.